தேரவாத பௌத்தத்தில் பிக்குவின் உடைமை விதிகள்

தேரவாத பௌத்தத்தில் துறவு பூண்ட ஆண் பிக்கு எனவும், பிக்குகளின் கூட்டமைப்பு சங்கம் எனவும் அழைக்கப்படும். பிக்கு எதை வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம், அளவு மீறினால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை விநயம் என்னும் ஒழுக்க நூல் தொகுதி வகுத்துள்ளது. பாலி மொழியில் உள்ள இந்த விதிகளே இலங்கை, தாய்லாந்து, மியான்மர், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளின் பிக்குகளுக்கு இன்றும் அடிப்படை. தமிழ்நாட்டுக்கும் இவற்றோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. விநய விதிகளைச் செய்யுளில் சுருக்கித் தரும் விநயவிநிச்சயம் என்ற பாலி நூலைப் புத்ததத்தர் சோழநாட்டில் காவிரிக்கரையில் இருந்த பூதமங்கலத்தில் எழுதினார்.

கத்தோலிக்கத் துறவிகள் ஏழ்மையை ஒரு வார்த்தைப்பாடாகக் கொடுப்பது போல, பிக்கு 'நான் ஏழையாக இருப்பேன்' என்று சபதம் செய்வதில்லை. பிக்குவாக ஏற்கப்படும் சடங்கில் அப்படி ஒரு வாக்கியமே கிடையாது. அவர் ஏற்பது பயிற்சி விதிகளை. பாதிமொக்கம் எனப்படும் தொகுப்பில் அவை 227 ஆக எண்ணப்படுகின்றன. பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை சங்கம் கூடி அவற்றை ஓதுகிறது. அவற்றுள் 30 விதிகள் நேரடியாகப் பொருள்களைப் பற்றியவை. உடைமையைத் துறப்பது ஏன் விடுதலையாகக் கருதப்பட்டது என்பதை இந்த 30 விதிகளும், ஒவ்வொன்றும் பிறந்த கதையாக விநயம் சொல்லும் நிகழ்ச்சிகளும் சேர்ந்து காட்டுகின்றன.

மரத்தில் தொங்கிய மூட்டை

சாக்கிய குலத்து இளைஞர்கள் சிலர் புத்தரிடம் துறவு பூணப் புறப்பட்ட கதை விநயத்தில் வருகிறது. பத்தியர், அனுருத்தர், ஆனந்தர், பகு, கிம்பிலர், தேவதத்தர் ஆகியோரோடு உபாலி என்ற நாவிதரும் சென்றார். எல்லையைத் தாண்டியதும் இளைஞர்கள் தங்கள் நகைகளைக் கழற்றி மேலாடையில் மூட்டையாகக் கட்டி உபாலியிடம் கொடுத்தார்கள். 'நீ பிழைக்க இது போதும், ஊருக்குத் திரும்பிப் போ' என்றார்கள்.

உபாலி திரும்பி நடக்கும்போது யோசித்தார். சாக்கியர்கள் கடுங்கோபக்காரர்கள். இந்த நகைகளோடு தனியாகத் திரும்பினால், இளைஞர்களைத் துறவுக்குத் தூண்டியவன் நானே என்று எண்ணிக் கொன்றுவிடுவார்கள். அவர் மூட்டையைப் பிரித்து மரத்தில் தொங்கவிட்டு, காண்பவர் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, இளைஞர்களைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொண்டார். அவர்களே கேட்டுக்கொண்டபடி, புத்தர் உபாலிக்கு முதலில் துறவு கொடுத்தார். சங்கத்தில் மூப்பு என்பது துறவு பூண்ட வரிசைதான். எனவே சாக்கிய இளவல்கள் தங்கள் வீட்டு நாவிதரை வணங்க வேண்டியதாயிற்று. தங்கள் குலச்செருக்கு அடங்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் அப்படிக் கேட்டிருந்தார்கள். பிற்காலத்தில் விநயத்தில் மிகத் தேர்ந்தவராக எண்ணப்பட்டவரும், புத்தர் மறைந்தபின் கூடிய முதல் சங்கப் பேரவையில் விநயத்தை ஓதியவரும் இந்த உபாலிதான்.

அதே குழுவில் இருந்த பத்தியர் சாக்கியர்களின் அரசராக இருந்தவர். துறவு பூண்டபின் காட்டில், மரத்தடியில், வெற்றிடத்தில் எங்கு இருந்தாலும் தம் சுகத்தை எண்ணி வாய்விட்டு வியந்துகொண்டிருந்தார். மற்ற பிக்குகளுக்குச் சந்தேகம் வந்தது. பழைய அரச போகத்தை நினைத்து ஏங்குகிறார் என்று புத்தரிடம் சொன்னார்கள். புத்தர் கூப்பிட்டுக் கேட்டபோது பத்தியர் சொன்ன விடை நேர்மாறாக இருந்தது. அரசராக இருந்தபோது அரண்மனைக்கு உள்ளேயும் வெளியேயும், நகருக்கு உள்ளேயும் வெளியேயும், நாட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் காவல் இருந்தது. அவ்வளவு காவலுக்கு நடுவிலும் அஞ்சி நடுங்கித்தான் வாழ்ந்தார். இப்போது காட்டில் தனியே இருக்கிறார், அச்சம் இல்லை.

இந்த இரு கதைகளிலும் செல்வம் இழிவானது என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நகை தன் கையில் இருப்பதே தனக்கு ஆபத்து என்று உபாலி கண்டார். காவலாளிகளின் எண்ணிக்கை கூடக் கூட அச்சம் குறையவில்லை என்று பத்தியர் கண்டார். பௌத்தத் துறவு 'விடுதலை' என்று சொல்லும்போது முதலில் குறிப்பது இதைத்தான்: காக்க வேண்டிய வேலையிலிருந்தும், காப்பதோடு கூடவே வரும் பயத்திலிருந்தும் விடுபடுவது. பறவை எங்கே பறந்தாலும் தன் சிறகை மட்டுமே சுமந்து செல்கிறது என்ற உவமை பிக்குவுக்குப் பாலி நூல்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

மூன்று ஆடைகள் என்ற கணக்கு

ஒரு பிக்குவின் சொந்தப் பொருள்கள் எட்டு என்பது மரபு. ஆடைகள் மூன்று, உணவு வாங்கும் பாத்திரம், இடைக்கச்சை, சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டும் துணி ஆகியவை மற்ற ஐந்து. நீர் வடிகட்டி, நீரில் உள்ள சிற்றுயிர்களைக் குடித்துவிடாமல் இருப்பதற்கு.

ஆடை மூன்று என்ற எண் எப்படி வந்தது என்பதற்கு விநயம் சொல்லும் காரணம் சுவையானது. புத்தர் ராஜகிருகத்திலிருந்து வைசாலிக்குப் போகும் வழியில், தலையிலும் தோளிலும் இடுப்பிலுமாகத் துணி மூட்டைகளைச் சுமந்துவரும் பிக்குகளைப் பார்த்தார். துறவிகள் இவ்வளவு விரைவில் துணி சேர்க்கத் தொடங்கிவிட்டார்களே என்று எண்ணி, ஓர் எல்லை வகுக்க முடிவு செய்தார். எல்லையை ஊகித்துச் சொல்லவில்லை. பனி விழும் கடுங்குளிர்கால இரவில் ஓர் ஆடையோடு திறந்த வெளியில் உட்கார்ந்து பார்த்தார். முதல் யாமம் முடிந்ததும் குளிர்ந்தது. இரண்டாம் ஆடையைப் போர்த்தினார். நடு யாமம் முடிந்ததும் மீண்டும் குளிர்ந்தது, மூன்றாவது. கடை யாமம் கழிந்து விடியும் வேளையில் நான்காவது தேவைப்பட்டது. ஆகவே இடுப்பில் உடுத்த ஒன்று, மேலே போர்த்த ஒன்று, இரட்டை மடிப்பாகத் தைத்த கனத்த மேற்போர்வை ஒன்று என மூன்று ஆடைகளை அனுமதித்தார். போர்வை இரட்டை என்பதால் துணியின் அடுக்கு நான்காகிறது. அந்த இரவின் கணக்கு அப்படியே நிற்கிறது.

குளிர் தாங்காதவரும் ஓர் இரவைக் கடக்க எவ்வளவு வேண்டும் என்பதே இங்கே கேட்கப்பட்ட கேள்வி. உடலை வருத்துவது நோக்கமல்ல. பின்னாளில் தேவதத்தர், பிக்குகள் வாழ்நாள் முழுதும் காட்டிலேயே வசிக்க வேண்டும், பிச்சை உணவே உண்ண வேண்டும், குப்பையில் கிடக்கும் துணியையே உடுத்த வேண்டும், மரத்தடியிலேயே தங்க வேண்டும், மீனும் இறைச்சியும் தொடக்கூடாது என்ற ஐந்தையும் கட்டாயமாக்கக் கேட்டபோது புத்தர் மறுத்துவிட்டார். காட்டில் இருக்கவும் பிச்சையுணவு மட்டும் உண்ணவும் விரும்புபவர் அப்படியே இருக்கலாம், கட்டாயம் இல்லை என்பது அவர் விடை. எளிமை கடுமையாகும்போது அதுவே பெருமை பேசும் ஓர் உடைமையாகிவிடும் ஆபத்து உண்டு. தேவதத்தரின் கோரிக்கை சங்கத்தைப் பிளக்கும் கருவியாகப் பயன்பட்டது என்றே விநயம் அந்தக் கதையைச் சொல்கிறது.

பத்து நாள் கெடு

மூன்று என்று வகுத்தபின் நான்காவது துணி ஒன்று வந்து சேர்ந்தால்? தானம் தருபவர்கள் கணக்குப் பார்த்துத் தருவதில்லை. ஒருமுறை ஆனந்தருக்குக் கூடுதலாக ஓர் ஆடை கிடைத்தது. அதைச் சாரிபுத்தருக்குக் கொடுக்க விரும்பினார். சாரிபுத்தரோ சாகேத நகரில் இருந்தார். அவர் எப்போது திரும்புவார் என்று புத்தர் கேட்டார். ஒன்பதாவது அல்லது பத்தாவது நாள் என்றார் ஆனந்தர். கூடுதல் ஆடையைப் பத்து நாள் வரை வைத்திருக்கலாம் என்ற விதி அப்படிப் பிறந்தது. ஒரு நண்பர் ஊர் திரும்பும் நாளே சட்டத்தின் அளவாயிற்று.

நடைமுறை பின்வருமாறு. பிக்கு தம் மூன்று ஆடைகளையும் 'இது என் போர்வை', 'இது என் மேலாடை' என்று மனத்தாலோ வாயாலோ குறித்துவைக்கிறார். அப்படிக் குறிக்கப்படாத துணி, எட்டு விரல் நீளமும் நான்கு விரல் அகலமும் இருந்தாலே கூடுதல் துணிதான். அது கைக்கு வந்த நாளிலிருந்து விடியல்கள் எண்ணப்படும். பதினோராவது விடியல் வரும்போதும் அது அவரிடமே இருந்தால் குற்றம் நிகழ்ந்துவிட்டது. மழைக்காலம் முடிந்து கடினம் எனப்படும் ஆடை வழங்கும் சடங்கு நடந்தபின் சில மாதங்களுக்கு மட்டும் இந்தக் கெடு தளர்கிறது.

குற்றம் நிகழ்ந்தால் செய்ய வேண்டியதே இந்த 30 விதிகளின் தனித்தன்மை. பிக்கு அந்தத் துணியை எடுத்துக்கொண்டு சங்கத்திடமோ, ஒரு குழுவிடமோ, மற்றொரு பிக்குவிடமோ போகிறார். பத்து நாளைக் கடந்த இந்தத் துணியைக் கைவிடுகிறேன் என்று சொல்லி ஒப்படைக்கிறார். பிறகு தம் குற்றத்தைச் சொல்லி ஏற்றுக்கொள்கிறார். இதன்பின் அந்தத் துணியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். திருப்பிக் கொடுக்காவிட்டால் வாங்கியவருக்குக் குற்றம் சேரும்.

முதன்முறை படிப்பவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். கைவிட்டதைத் திருப்பிக் கொடுப்பதானால் எதற்கு இந்தச் சடங்கு? துணி இங்கே குற்றப்பொருள் அல்ல; அது கிழியும்வரை பயன்படும் பொருள். குற்றம் என்பது கேட்பாரற்று அது ஒருவர் கையில் தங்கிவிட்டது. இன்னொருவர் கையில் ஒருமுறை வைத்து, மறுபடி தானமாகப் பெறும்போது 'என்னுடையது' என்று ஒட்டிக்கொண்ட பிடி ஒருமுறை அறுகிறது. திரும்பிய துணிக்கும் உடனே ஒரு வழி காண வேண்டும்: குறித்துக்கொள்ளலாம், பிறருக்குக் கொடுக்கலாம், அல்லது மற்றொரு பிக்குவோடு கூட்டு உரிமையில் வைக்கலாம். இந்தக் கூட்டு உரிமை என்ற ஏற்பாடு ஓர் ஓட்டையாகவும் பயன்பட முடியும் என்பதை மறுப்பதற்கில்லை. சொல்லளவில் இன்னொருவர் பெயரைச் சேர்த்துவிட்டுப் பல ஆடைகளை வைத்துக்கொள்ள அது இடம் தருகிறது. விதி பிடியைத் தளர்த்தலாம். பிடிக்கும் மனத்தை அதுவே மாற்றிவிடாது.

பாத்திரத்துக்கும் பத்து நாள் கெடுதான். ஆனால் புதுப் பாத்திரம் கேட்பதற்குத் தனி விதி இருக்கிறது. பாத்திரம் வேண்டுவோர் கேட்கலாம் என்று ஒரு குயவர் பிக்குகளை அழைத்திருந்தார். சிறிது வைத்திருந்தவர் பெரிதும், பெரிது வைத்திருந்தவர் சிறிதுமாகக் கேட்டுக்கொண்டே இருந்ததில் அவரால் விற்பனைக்கு எதையும் செய்ய முடியவில்லை. மனைவி மக்கள் துன்பப்பட்டார்கள். அதிலிருந்து, பழைய பாத்திரத்தில் ஐந்து ஒட்டுகளுக்குக் குறைவாக இருக்கும்போது புதிது கேட்டுப் பெறுவது குற்றமாயிற்று. அப்படிப் பெற்ற புதுப் பாத்திரத்தைச் சங்கத்தின் நடுவில் வைக்க வேண்டும். எல்லோரும் தத்தம் பாத்திரத்தோடு கூடுவார்கள். புதியது முதலில் மூத்த பிக்குவிடம் நீட்டப்படும். அவர் அதை எடுத்துக்கொண்டால் அவருடைய பழையது அடுத்தவரிடம் போகும். இப்படியே வரிசை முழுதும் சுற்றிக் கடைசியில் மிஞ்சும் பாத்திரம், அதாவது யாருக்கும் வேண்டாதது, கேட்டு வாங்கியவருக்குக் கொடுக்கப்படும். உடையும்வரை அவர் அதைத்தான் வைத்திருக்க வேண்டும்.

பணம்

மற்றப் பொருள்களில் பெரும்பாலானவை திரும்பக் கிடைக்கும்; பணம் கிடைக்காது. இந்த விதிக்குக் காரணமானவர் உபநந்தர் என்ற சாக்கிய பிக்கு. ஒரு வீட்டில் அவருக்கு நாள்தோறும் உணவு வழக்கம். ஒரு மாலை அந்த வீட்டில் இறைச்சி கிடைத்தது. அவருக்கென்று ஒரு பங்கை எடுத்துவைத்தார்கள். விடியற்காலையில் குழந்தை எழுந்து இறைச்சி கேட்டு அழவே, அந்தப் பங்கைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். காலையில் உபநந்தர் வந்தபோது வீட்டுக்காரர் நடந்ததைச் சொல்லி, ஒரு காசுக்கு என்ன வாங்கித் தரட்டும் என்று கேட்டார். எனக்கென்று அந்தக் காசை ஒதுக்கிவிட்டீர்கள் அல்லவா, காசையே கொடுங்கள் என்றார் உபநந்தர். வீட்டுக்காரர் கொடுத்தார், கொடுத்துவிட்டு, நாம் பணத்தை வாங்குவது போலவே இவர்களும் வாங்குகிறார்களே என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பணம் வாங்கிய பிக்கு அதைச் சங்கத்தின் நடுவில் ஒப்படைக்க வேண்டும். அப்போது விகாரைப் பணியாளரோ இல்லறத்தாரோ யாராவது வந்தால் 'இதைப் பாருங்கள்' என்று மட்டும் சொல்லலாம். இதைக் கொண்டு என்ன வாங்கி வரட்டும் என்று அவர் கேட்டால், 'இன்னதை வாங்கு' என்று சொல்லக்கூடாது. நெய், எண்ணெய், தேன் போன்ற பிக்குகளுக்கு ஏற்ற பொருள்களைக் குறிப்பிடலாம். அவர் வாங்கி வந்தால், பணத்தை வாங்கிய பிக்குவைத் தவிர மற்ற எல்லோரும் அதைப் பயன்படுத்தலாம். அப்படி ஒருவரும் அமையாவிட்டால் பணத்தை எறிந்துவிட வேண்டும். எறிவதற்கென்று ஒரு பிக்குவைச் சங்கம் நியமிக்கிறது. விருப்பம், வெறுப்பு, அறியாமை, அச்சம் ஆகியவற்றால் சாயாதவராகவும், எது எறியப்பட்டது எது எறியப்படவில்லை என்று தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். விழும் இடத்தை அடையாளம் வைக்காமல் அவர் எறிய வேண்டும். அடையாளம் வைத்தால் அவருக்கே குற்றம். விதியை எழுதியவர்களுக்கு மனித மனம் நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்கு இந்தக் கடைசி நிபந்தனை ஒன்றே போதும்.

துணியை ஏற்கும் விதி காசை ஏன் ஏற்கவில்லை? துணிக்கு ஒரு வேலைதான் உண்டு. அதைப் பத்துப் பேர் சுமந்தாலும் அது துணிதான். காசு எதுவாகவும் மாறும். பணம் ஏற்றுக்கொள்ளத் தக்கதென்றால் ஐம்புலன் இன்பங்களும் ஏற்கத் தக்கனவாகிவிடும் என்று பாலி நூல்கள் இதற்குக் காரணம் சொல்கின்றன. காசு கையில் இருப்பவர் நாளைக்கு யாரையும் சார்ந்திருக்க வேண்டியதில்லை என்பது இன்னொரு காரணம். அது பின்னால் வருகிறது.

இருந்தும் தானம் பணமாகவே வரும்போது என்ன செய்வது என்பதற்கு விநயம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஆடைக்கென்று ஒருவர் ஆள் மூலம் பணம் அனுப்புகிறார் என்று கொள்வோம். பிக்கு அதை வாங்க மறுத்து, உரிய காலத்தில் ஆடையாக வந்தால் ஏற்போம் என்கிறார். உங்களுக்குப் பொறுப்பாளர் யாரேனும் உண்டா என்று வந்தவர் கேட்டால், இன்னார் இருக்கிறார் என்று காட்டலாம். 'அவரிடம் கொடு' என்று சொல்லக்கூடாது. பணம் பொறுப்பாளரிடம் போனபின் பிக்கு அவரிடம் சென்று தமக்கு ஆடை தேவை என்று மூன்று முறை வரை சொல்லலாம். பயன் இல்லையென்றால் ஆறு முறை வரை போய்ப் பேசாமல் நிற்கலாம். அதற்கு மேல் முயன்று பெற்றால் குற்றம். பெறமுடியாமல் போனால், பணம் அனுப்பியவருக்கு நேரிலோ ஆள் மூலமோ சொல்லி அனுப்ப வேண்டும்: உங்கள் பணம் பிக்குவுக்குப் பயன்படவில்லை, வீணாகாமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று. இந்த விதிக்கும் காரணம் உபநந்தர்தான். பொறுப்பாளர் ஊர்க் கூட்டத்துக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். தாமதமாக வருபவருக்கு ஐம்பது காசு அபராதம் என்று ஊர் கட்டுப்பாடு செய்திருந்தது. இன்றே ஆடை வேண்டும் என்று உபநந்தர் இடுப்பைப் பிடித்துக்கொண்டது போல வற்புறுத்தியதில் அந்த மனிதர் அபராதம் கட்ட நேர்ந்தது.

தாய்லாந்தில் இந்த விதியின் இன்றைய வடிவத்தைக் காணலாம். தானம் தருபவர் பணத்தைப் பொறுப்பாளரிடம் வைத்துவிட்டு, இவ்வளவு மதிப்புக்குத் தேவையானதைக் கேட்டுப் பெறலாம் என்று எழுதிய சீட்டை மட்டும் பிக்குவிடம் கொடுப்பார். அங்குள்ள வனப் பிக்குகள் பலர் பணத்தைத் தொடுவதே இல்லை. நகர விகாரைகளில் பணம் வைத்திருக்கும் பிக்குகளும் உண்டு. விதி அன்றும் இன்றும் ஒரே அளவில் பின்பற்றப்படவில்லை. புத்தர் மறைந்து சுமார் நூறு ஆண்டுக்குப்பின் வைசாலிப் பிக்குகள் உபோசத நாளில் வெண்கலப் பாத்திரத்தில் நீர் நிரப்பி வைத்து, வருவோரிடம் சங்கத்துக்குக் காசு போடச் சொன்னார்கள். யசர் என்ற பிக்கு மக்களிடம் போடாதீர்கள் என்றார். மக்கள் போட்டார்கள். இரவில் பங்கு பிரித்து யசருக்கும் ஒரு பங்கு நீட்டினார்கள், அவர் மறுத்தார். அதற்காக அவர்மீதே நடவடிக்கை எடுத்தார்கள். இரண்டாம் சங்கப் பேரவை கூடியதற்கு இதுவும் ஒரு காரணம். பொன்னும் வெள்ளியும் கூடாது என்றே அது முடிவு செய்தது.

யாருக்கு விடுதலை?

உடைமையைத் துறந்தால் விடுதலை என்பதை ஏழ்மையே விடுதலை என்று படித்துவிடக் கூடாது. பிக்குவாக ஏற்கும் சடங்கில் கேட்கப்படும் கேள்விகளுள் இரண்டு: நீ அடிமையல்லாத சுதந்திரமான ஆளா? கடன் இல்லாதவனா? கடன்பட்ட ஒருவர் துறவு பூண்டு, கடன் கொடுத்தவர்கள் பிக்கு கோலத்தில் அவரைக் கண்டு முறையிட்டபோது, கடனாளிக்குத் துறவு கொடுக்கக் கூடாது என்ற விதி வந்தது. அடிமைக்கும் அப்படியே. துறப்பதற்கு முதலில் ஒருவர் தமக்குத் தாமே உரியவராக இருக்க வேண்டியிருந்தது. அன்றைய சமூகத்தில் யாருக்கு இந்த விடுதலை எட்டாதிருந்தது என்பதையும் இந்தக் கேள்விகள் காட்டிவிடுகின்றன. சங்கம் அரசர்களோடும் வணிகர்களோடும் மோதாமல் நிலைப்பதற்குக் கொடுத்த விலை அது.

இன்னொரு புறமும் உண்டு. பிக்கு தமக்கெனச் சமைப்பதில்லை. பிறர் கையால் கொடுக்கப்படாத உணவை உண்ணக்கூடாது. இன்று வாங்கிய உணவை நாளைக்கு வைக்கக்கூடாது. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் என்ற ஐந்தையும் நோய்க்கு மருந்தாக ஏழு நாள் வைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே எவ்வளவு தேர்ந்த துறவியானாலும் மறுநாள் காலை பாத்திரத்தோடு ஊருக்குள் வர வேண்டும். யாரையும் சாராமல் வாழ்வது என்ற பொருளில் இது விடுதலையே அல்ல. பிக்குவைப் போல நாள்தோறும் அண்டை வீட்டாரைச் சார்ந்திருப்பவர் வேறு எவரும் இல்லை. சேமிப்பிலிருந்து விடுபட்டவர் ஊராரின் நல்லெண்ணத்தோடு கட்டுண்டவராகிறார். அவருடைய நடத்தை கெட்டால் பாத்திரம் காலியாகத் திரும்பும். மேலே கண்ட விதிகளில் பல குயவர், வீட்டுக்காரர் போன்ற பிறரின் மனக்குறையிலிருந்தே பிறந்திருப்பது இதனால்தான்.

தனி ஆளைப் பற்றி இவ்வளவு நுட்பமாகப் பேசும் விநயம், சங்கத்தின் பொதுச் சொத்துக்கு அளவு வகுக்கவில்லை. நிலம், கட்டடம், கட்டில், உலோகப் பாத்திரங்கள் போன்றவை கனமான பொருள்கள் எனப்படும். இவற்றைப் பிரித்துக்கொள்ளவோ தனியாளுக்குக் கொடுக்கவோ முடியாது. பிரிக்க முடியாதது தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டேதான் போகும். இலங்கையில் அரசர்கள் கொடுத்த ஊர்களும் வயல்களும் விகாரைகளைப் பெரும் நிலவுடைமையாளர்களாக்கின. பல இடங்களில் விகாரையின் பொறுப்பு குருவிடமிருந்து சீடருக்குப் பரம்பரையாகச் சென்றது. அந்தச் சொத்துகளை நிர்வகிப்பதற்கென்றே 1931இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. மூன்று ஆடை மட்டும் உடைய ஒருவர் பல ஏக்கர் நிலத்தின் மேற்பார்வையாளராகவும் இருக்க நேர்ந்தால், பத்தியர் அரண்மனையில் அறிந்திருந்த கவலை வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது.

பிக்கு இறந்தால் அவர் பொருள்கள் என்னவாகும் என்பதையும் விநயம் சொல்கிறது. அவற்றுக்கு உரிமை சங்கத்துக்கே, உறவினருக்கு அல்ல. கனமான பொருள்கள் வந்தவர்க்கும் இனி வரப்போகிறவர்க்கும் பொதுவாக, நான்கு திசைச் சங்கத்துக்குப் பிரிக்காமல் போகும். சிறு பொருள்களை அங்கே இருக்கும் பிக்குகள் பகிர்ந்துகொள்வார்கள். இறந்தவரின் பாத்திரத்தையும் மூன்று ஆடைகளையும் மட்டும், அவர் நோயுற்றுக் கிடந்தபோது அவரைப் பார்த்துக்கொண்டவருக்குச் சங்கம் கூடிக் கொடுக்கும்.